நகை எங்கே என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை

என் சித்தி மகள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் பதினான்கு ஆண்டுகள் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவள். வேலையை விட்டு வேறு இடத்துக்கு மாறியபோது பி.எஃப்., பணிக்கொடை எல்லாம் சேர்ந்து மூன்று லட்சம் ரூபாய் அவள் கணக்குக்கு வந்தது. அவள் பெயரில், அவள் உழைப்பில், ஒரே தொகையாக வந்த முதல் பணம். மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆறு வருடத்தில் கல்லூரி. "பேங்க்ல போட்டா வளராதாமே, மியூச்சுவல் ஃபண்டுல போடணுமாமே, நீ படிச்சவதானேக்கா, சொல்லு" என்றாள்.

நான் படித்தது தமிழ். ஆனாலும் சொற்களைக் கவனிப்பது என் தொழில் என்பதால் அவளோடு கூடப் போனேன். அந்த இரண்டு மாதங்களில் மூன்று வகை ஆலோசனையைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்: கைப்பேசிச் செயலி, அம்பத்தூர் ஓ.டி. பக்கம் சிறிய அலுவலகம் வைத்திருக்கும் விநியோகஸ்தர், கட்டணம் வாங்கிக்கொண்டு பேசிய ஒரு பெண் ஆலோசகர். மூன்றின் பெயர்களும் இங்கே தேவையில்லை. அவை ஒவ்வொன்றும் என்ன கேட்டன, என்ன கேட்கவில்லை, அதற்கு என்ன காரணம் என்பதுதான் என் விஷயம்.

முதலில் செயலி. அதைப் பற்றி நல்லதைச் சொல்லிவிட வேண்டும். இரவு பத்தரைக்குச் சமையலறை மேடையைத் துடைத்துவிட்டு, அங்கேயே நின்றபடி அவள் அதைத் திறந்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, நல்ல புடவை கட்டவில்லை. "இது தெரியாதா" என்று யாரும் சிரிக்கவில்லை. வயது, மாத வருமானம், மாதத் தவணை எவ்வளவு, எத்தனை ஆண்டுகளில் பணம் வேண்டும் என்று கேட்டது. பிறகு, சந்தை இருபது சதவீதம் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று நான்கு விடைகள் கொடுத்தது. எல்லாவற்றையும் விற்றுவிடுவேன், கொஞ்சம் விற்பேன், காத்திருப்பேன், மேலும் வாங்குவேன். முடிவில் அவளை 'மிதமானவர்' என்று வகைப்படுத்தி, மூன்று லட்சத்தில் 65 சதவீதத்தைப் பங்கு சார்ந்த நிதிகளிலும் மீதியைக் கடன் பத்திர நிதிகளிலும் போடச் சொன்னது. ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் ஆறு ஆண்டுகளில் 5 லட்சத்து 92 ஆயிரம் என்று பச்சைக் கோடு ஒன்று மேலேறியது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தச் சந்தை விழும் கேள்விக்கு மூன்றாவது விடையை ஏன் தொட்டாய் என்று கேட்டேன். "விக்கறதா வேணாமான்னு நான் ஒருத்தியா முடிவு பண்ணப் போறேன்? நடுவுல இருக்கறத தொட்டேன்." ஒரு வாரம் கழித்து, கணவருக்கு லோடு வண்டியில் சவாரி குறைந்திருந்த நாளில், அதே கேள்விகளை மறுபடி நிரப்பச் சொன்னேன். 'கொஞ்சம் விற்பேன்' என்று தொட்டாள். பங்கின் அளவு 65-லிருந்து 50 சதவீதத்துக்கு இறங்கியது. ஏழு நாட்களில் அவள் குணம் மாறிவிடவில்லை. அந்த வாரத்து வீட்டுச் செலவு மாறியிருந்தது, அவ்வளவுதான். இந்தக் கேள்வித்தாளை நிரப்பும் எவரும் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை நிரப்பிப் பார்ப்பது நல்லது. விடை நகர்ந்தால், இயந்திரம் அளந்தது உங்கள் துணிவை அல்ல, உங்கள் அன்றைய மாலையை. துணிவு என்பது ஒருத்தியின் உள்ளே இருக்கும் குணம் என்று அந்தக் கேள்வி எடுத்துக்கொள்கிறது. விற்கும் உரிமை அவளிடம் இருக்கிறதா என்று கேட்பதே இல்லை.

அடுத்து விநியோகஸ்தர். மரியாதையான மனிதர், தேநீர் வரவழைத்தார். அவளிடம் பேசத் தொடங்கி, மூன்றாவது வாக்கியத்திலேயே என்னைப் பார்த்துப் பேசினார். ஐந்தாவது வாக்கியத்தில், "சாரையும் ஒரு தடவ கூட்டிட்டு வந்துடுங்க, ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணுனா நல்லது" என்றார். கணவரை மட்டும் தனியாக வரச்சொல்லி, "மேடத்தையும் கூட்டிட்டு வாங்க" என்று அவர் யாரிடமாவது சொல்வாரா என்று வெளியே வந்ததும் இவள் கேட்டாள். செயலிக்கு அந்த வழக்கம் இல்லை. அதனிடம் இவள் தனி ஆள். என் கணக்கில் இதற்கு மதிப்பெண் உண்டு, சிறியதல்ல.

அவர் மூன்று நிதிகளை எழுதிக் கொடுத்தார். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை என்றார். இந்த 'இல்லை'யைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரே மியூச்சுவல் ஃபண்டை இரண்டு வழிகளில் வாங்கலாம். முகவர் வழியாக வாங்கினால் அது ரெகுலர் திட்டம். இடையில் யாரும் இல்லாமல் வாங்கினால் டைரக்ட் திட்டம். 2013 ஜனவரியிலிருந்து எல்லா நிதி நிறுவனங்களும் இந்த இரண்டையும் தர வேண்டும் என்று செபி ஆக்கியது. உள்ளே இருக்கும் பங்குகளும் நிர்வகிப்பவரும் ஒன்றுதான். ரெகுலரில் முகவருக்கான தரகு நிதியின் செலவுக் கணக்கிலேயே கழிக்கப்படுகிறது. பங்கு நிதிகளில் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் பல சமயம் ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கு அருகில் இருக்கும். மூன்று லட்சத்துக்கு ஒரு சதவீதம் முதல் ஆண்டில் மூவாயிரம் ரூபாய். யாரும் பில் போடுவதில்லை, அதனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. டைரக்டில் ஆண்டுக்குப் பத்து சதவீதம் கிடைத்தால் ஆறு ஆண்டில் 5 லட்சத்து 31 ஆயிரம். ரெகுலரில் அதே பணம் ஒன்பது சதவீதமாக வளர்ந்தால் 5 லட்சத்து 3 ஆயிரம். இடைவெளி 28 ஆயிரம் ரூபாய்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அவர் பிழைப்பு அது. ஆண்டுக்கு மூவாயிரம் தரும் வாடிக்கையாளருக்கு அவரால் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் தர முடியும் என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் பதில் தெரிந்துவிடும். ஒரு மணி நேரம், அதிகம் போனால் இரண்டு. மூன்று லட்சக்காரிக்கு மனித ஆலோசனை கிடைக்காமல் போவது இந்தக் கணக்கினால்தான். செயலிகள் முளைத்ததும் இதே கணக்கினால்தான். இயந்திரத்துக்கு ஒரு வாடிக்கையாளரும் ஒரு லட்சம் வாடிக்கையாளரும் ஏறத்தாழ ஒரே செலவு.

அப்படியானால் செயலி எப்படிப் பிழைக்கிறது? இங்கே கவனமாகப் பார்க்க வேண்டும். எல்லாச் செயலிகளும் ஒரே சட்டத் தகுதியில் இயங்கவில்லை. செபியிடம் முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்துகொண்டவை சில. அவற்றின் பதிவு எண் INA என்று தொடங்கும். இந்தியாவில் 2013-இல் வந்த ஆலோசகர் விதிகள் மனிதருக்கும் கணினி நிரலுக்கும் பொதுவானவை. நிரல் தவறாகச் சொன்னாலும் பொறுப்பு பதிவு பெற்றவருடையது. சில செயலிகள் விநியோகஸ்தர் உரிமம் பெற்றவை, எண் ARN என்று தொடங்கும். அவை ரெகுலர் திட்டங்களை விற்றுத் தரகு பெறும். அதாவது அம்பத்தூர் ஓ.டி. மனிதர் செய்வதையே தேநீர் இல்லாமல் செய்யும். மூன்றாவது வகைக்கு 2023-இல் செபி தனி விதி கொண்டுவந்தது. டைரக்ட் திட்டங்களை வாங்கவும் விற்கவும் மட்டும் வழி செய்து கொடுக்கும் தளங்கள் அவை. அவை ஆலோசனை சொல்லும் உரிமம் பெற்றவை அல்ல. 'இந்த ஆண்டின் சிறந்த ஐந்து' என்று திரையில் வரும் பட்டியலை நாம் ஆலோசனை என்று எடுத்துக்கொள்கிறோம். சட்டத்தின் பார்வையில் அது கடை அலமாரி. செயலியின் அடியில், மிகச் சிறிய எழுத்தில், இந்த மூன்றில் எது என்று எழுதியிருக்கும். வண்ணப் படங்களை விட்டு அந்த வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

இலவசம் என்பதற்கும் ஒரு விலை இருக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. சார்ல்ஸ் ஷ்வாப் நிறுவனம் ஆலோசனைக் கட்டணமே இல்லாத தானியங்கிச் சேவை ஒன்றை நடத்தியது. அதில் வாடிக்கையாளர் பணத்தின் ஒரு பகுதியை எப்போதும் ரொக்கமாகவே வைக்கும்படி அமைத்திருந்தார்கள். அந்த ரொக்கம் அவர்களுடைய வங்கிக்குப் போய், அதைக் கடன் கொடுத்து அவர்கள் வட்டி ஈட்டினார்கள். முதலீடாகியிருந்தால் வளர்ந்திருக்கக்கூடிய பணம் அது. இதைச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் 2022-இல் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு 18 கோடியே 70 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு ரொக்கம் என்று முடிவு செய்தது இயந்திரம். இயந்திரத்துக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்கள் மனிதர்கள்.

மூன்றாவதாக, கட்டணம் மட்டும் வாங்கும் ஆலோசகர். இவர்கள் எந்த நிதியையும் விற்பதில்லை, தரகு வாங்குவதில்லை. நாடு முழுவதும் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர்களே ஏறத்தாழ ஆயிரம் பேர்தான். அதில் தரகே தொடாதவர்கள் இன்னும் குறைவு. சென்னை ஐஐடி பேராசிரியர் பட்டாபிராமன் தம் இணையதளத்தில் அப்படிப்பட்டவர்களின் பட்டியல் ஒன்றைப் பராமரிக்கிறார். அங்கிருந்து சிலரைத் தேடினோம். ஆவடி, பூந்தமல்லி பக்கம் நடந்து போய்ப் பார்க்கும் தூரத்தில் எங்களுக்கு ஒருவரும் அகப்படவில்லை. நாங்கள் தொலைபேசியில் பேசிய மூவரில் இருவரின் ஆண்டுக் கட்டணத்தைக் கேட்டு இவள் சிரித்துவிட்டாள். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் வரை நிலைக்கட்டணம் வாங்கலாம் என்று 2020-இல் உச்சவரம்பு வைத்தார்கள். 2025-இல் அதை 1 லட்சத்து 51 ஆயிரமாக உயர்த்தினார்கள். மேலே உச்சவரம்பு இருக்கிறது. கீழே, சிறிய தொகைக்காரியை யாராவது பார்த்தே ஆக வேண்டும் என்ற விதி இல்லை. மூன்றாமவர் ஒரே ஒரு முறை, ஒரு திட்டம், ஆறாயிரம் ரூபாய் என்றார். அவளுடைய பணத்தில் அது இரண்டு சதவீதம். ரெகுலர் திட்டத்தில் இரண்டு ஆண்டுத் தரகு.

காணொலி அழைப்பில் அந்த அம்மையார் முதல் இருபது நிமிடம் நிதி என்ற சொல்லையே எடுக்கவில்லை. வாடகையா, சொந்த வீடா, மாமியார் கூட இருக்கிறாரா, மருத்துவக் காப்பீடு யார் பெயரில், சீட்டு எத்தனை ஓடுகிறது என்று கேட்டார். பிறகு, "லோன் இருக்கான்னு கேட்டா எல்லாரும் தவணை கட்டறத மட்டும்தான் சொல்லுவாங்க. கைமாத்து, அடகு, வீட்ல யாருக்கும் தெரியாம வாங்குனது ஏதாவது இருக்கா?" என்றார்.

இவள் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். கதவு திறந்துதான் இருந்தது, காதில் விழுந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் கணவரின் வண்டிக்கு இன்ஜின் வேலை வந்தபோது அவளுடைய ஆரத்தையும் இரண்டு வளையல்களையும் அடகுக் கடையில் வைத்திருக்கிறார்கள். 1 லட்சத்து 20 ஆயிரம். நூற்றுக்கு ஒன்றரை வட்டி. மாமியாருக்குத் தெரியாது. கல்யாணங்களில் நான் பார்த்த ஆரம் கவரிங்.

செயலி கேட்டது 'மாதத் தவணை எவ்வளவு' என்று. அடகுக் கடனுக்குத் தவணை கிடையாது, வட்டி மட்டும்தான் கட்டிவந்தாள். அவள் பூஜ்யம் என்று போட்டாள். பொய் இல்லை அது. கேள்விக்குச் சரியான விடை. கேள்விதான் மாதச் சம்பளமும் வங்கிக் கடனும் உள்ள ஒருவரை மனதில் வைத்து எழுதப்பட்டிருந்தது.

ஒன்றரை வட்டி என்றால் மாதம் 1,800 ரூபாய், ஆண்டுக்கு 18 சதவீதம். செயலி சொன்னபடி அந்த 1 லட்சத்து 20 ஆயிரமும் நிதியில் இருந்து, பச்சைக் கோடு சொன்ன 12 சதவீதமும் தவறாமல் கிடைத்து ஆறு ஆண்டுகள் போனால் லாபம் ஏறத்தாழ 1 லட்சத்து 17 ஆயிரம். அதே ஆறு ஆண்டுகளில் அடகுக் கடைக்குக் கட்டும் வட்டி 1 லட்சத்து 29 ஆயிரத்து 600. லாபம் வந்தாலும் வரும், வராமலும் போகும். வட்டி நிச்சயம். கட்டத் தவறினால் நகை ஏலம். ஆகவே அந்த அம்மையாரின் முதல் ஆலோசனை, "முதல்ல நகைய மீட்டுடுங்க" என்பது.

இந்த ஒரு வாக்கியத்தை மற்ற இரண்டு பேரும் ஏன் சொல்லவில்லை என்று பிறகு பல நாள் யோசித்தேன். செயலிக்குத் தெரியாது. விநியோகஸ்தருக்கும் தெரியாது, ஆனால் அவர் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம். கேட்டிருந்தால் மூன்று லட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம் ஆகியிருக்கும், அவருடைய தரகும் அந்த அளவுக்கு இறங்கியிருக்கும். நிர்வகிக்கும் தொகையில் சதவீதமாகக் கட்டணம் வாங்கும் ஆலோசகருக்கும் இதே இழப்பு உண்டு. எதையும் வாங்காதே, கடனை அடை என்று சொன்ன பிறகும் வருமானம் குறையாமல் இருப்பவர், ஆறாயிரத்தை முன்பே வாங்கிக்கொண்டவர் மட்டும்தான். நல்ல மனம், கெட்ட மனம் என்பதைவிடப் பணம் எந்த வழியில் வருகிறது என்பதே என்ன கேட்கப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது.

மீதித் திட்டம் சுருக்கமானது. கட்டணமும் நகையும் போக 1 லட்சத்து 74 ஆயிரம். அதில் 74 ஆயிரம் அவள் பெயரில் மட்டும் உள்ள வங்கி வைப்பில், வேலை போனாலோ வண்டி நின்றாலோ எடுக்க. ஒரு லட்சத்தில் பாதி வைப்புத்தொகை, பாதி நிஃப்டி குறியீட்டு நிதி ஒன்றின் டைரக்ட் திட்டம். அடகுக் கடைக்குப் போய்க்கொண்டிருந்த 1,800-ஓடு இன்னும் 1,200 சேர்த்து மாதம் மூவாயிரம் அதே பங்கீட்டில். மகள் பதினொன்றாம் வகுப்புக்கு வந்ததும் பங்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வைப்புக்கு மாற்றிவிட வேண்டும். செல்வமகள் திட்டம் பற்றி நான் கேட்டேன். பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், இந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு ஆகிவிட்டது என்றார்.

சந்தை விழுந்தால் என்ன என்பதற்கும் அவர் விடைகளைப் பட்டியலிட்டுக் கேட்கவில்லை. 2020 ஜனவரியில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இருந்த நிஃப்டி மார்ச் 23 அன்று 7,600-க்கு வந்ததையும், நவம்பரில் பழைய இடத்துக்குத் திரும்பியதையும் சொன்னார். "உங்க ஐம்பதாயிரம் ரெண்டு மாசத்துல முப்பத்தோராயிரம் ஆச்சுன்னு வைங்க. வீட்ல யாராவது எடுத்துடுன்னு சொன்னா என்ன சொல்லுவீங்க?" இவள் யோசித்து, "அவங்களுக்குத் தெரியற மாதிரி அத வைக்க மாட்டேன்" என்றாள். எட்டு மாதத்தில் திரும்பும் என்று எப்போதும் எதிர்பார்க்க முடியாது என்பதையும் அவர் சொல்லி வைத்தார்.

திட்டத்தை நடத்த மீண்டும் செயலிதான், டைரக்ட் திட்டம் மட்டும் விற்கும் ஒன்று. மாதம் மூவாயிரத்தைத் தவறாமல் எடுத்து இரண்டாகப் பிரித்துப் போட மனிதருக்கு ஆண்டுதோறும் பணம் கொடுக்கத் தேவையில்லை. அந்த வேலையில் இயந்திரம் மனிதரைவிட நேர்த்தி.

கணக்கு தொடங்கும்போதுதான் இன்னொன்று வந்தது. கைப்பேசி எண் யாருடையது என்று படிவம் கேட்கும்: தன்னுடையது, கணவன் அல்லது மனைவியுடையது, பெற்றோருடையது, இப்படி. இவள் வங்கிக் கணக்கிலும் பான் அட்டையிலும் இருந்தது கணவரின் எண். கைக்குழந்தையோடு அவள் வேலைக்குப் போகாமல் இருந்த காலத்தில் கொடுத்தது. 'கணவருடையது' என்று தேர்ந்தெடுத்தால் படிவம் ஏற்றுக்கொண்டு அடுத்த பக்கம் போய்விடும். ஆனால் பணத்தைத் திரும்ப எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். கேள்வித்தாளில் 'காத்திருப்பேன்' என்று யார் தொட்டாலும், விற்கிற விரல் ஓடிபி வரும் கைப்பேசியை வைத்திருக்கிறவருடையது. அவர் நல்ல மனிதர்தான், என் தம்பி மாதிரி. ஆனாலும் இவள் திருமுல்லைவாயிலில் ஒரு கடையில் புது சிம் வாங்கி, வங்கிக் கிளைக்கு இரண்டு முறை அலைந்து எண்ணை மாற்றினாள். அதற்கே மூன்று வாரம் ஆனது. அதுவரை செயலியில் ஒரு ரூபாயும் போடவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா நிதிகளுக்கும் சேர்த்து ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை மின்னஞ்சலில் வரும். ஒவ்வொரு திட்டத்துக்கும் விநியோகஸ்தருக்குப் போன தரகு எத்தனை ரூபாய் என்று அதில் காட்ட வேண்டும் என்பது 2016-இலிருந்து விதி. யாரும் அந்தப் பக்கம் வரை புரட்டுவதில்லை. அவளுக்கு முதல் அறிக்கை வந்தபோது திட்டத்தின் பெயரில் Direct என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்தாள். தரகுப் பத்தியில் தொகை எதுவும் இல்லை. அதே நாளில் என்னுடைய அறிக்கையையும் திறந்து வைத்துக்கொண்டு, அந்தப் பத்தி எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டினாள்.

ஆரம் இப்போது வங்கி லாக்கரிலும் இல்லை, கழுத்திலும் இல்லை. எங்கே வைத்திருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.